இங்கிலாந்து வாடிக்கையாளருக்கு முதல் மெயில்: வேலை, ரேட், நேரம்

“அண்ணா, நான் திருப்பூரில் வீட்டிலிருந்தே துணிக்கடைகளுக்கு போட்டோ எடிட்டிங் செய்கிறேன். ஆறு வருட அனுபவம். இங்கிலாந்தில் ஆன்லைனில் துணி விற்கும் ஒரு அம்மா, தெரிந்தவர் மூலமாக, என்னென்ன செய்வீர்கள், ரேட் என்ன, எந்த நேரம் வேலை பார்ப்பீர்கள் என்று மெயில் போடச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதி எழுதி அழிக்கிறேன். எப்படி எழுதுவது?”

அந்த அம்மா உங்கள் மெயிலைப் பெரும்பாலும் போனில்தான் படிப்பார், அதுவும் பார்சல் கட்டுவதற்கு நடுவில். படித்து முடிக்கும்போது அவர் மனதில் கணக்குப் போடவேண்டியது எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. ரூபாயைப் பவுண்டாக்குவது, நம் நேரத்தை அவர் நேரமாக்குவது, தன் நூறு படத்துக்கு மொத்தம் எவ்வளவு வரும் என்று பார்ப்பது, இந்த மூன்றையும் நீங்களே முடித்துக் கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்துவிட்டால் ஆங்கிலம் பத்து பன்னிரண்டு எளிய வாக்கியத்தில் அடங்கிவிடும். நீங்கள் எழுதி எழுதி அழிப்பதற்குக் காரணம் ஆங்கிலமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். சொல்லவேண்டிய எண்கள் இன்னும் முடிவாகாமல் இருந்தால் எந்த மொழியிலும் வாக்கியம் நிற்காது.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அடிபட்டது அதில்தான். என் ஆரம்ப நாட்களில் அயர்லாந்தில் இருந்த ஒருவருக்கு ‘காலை 9 முதல் இரவு 7 வரை, ஐ.எஸ்.டி’ என்று எழுதினேன். அயர்லாந்தில் கோடைகால நேரத்துக்கு ஐரிஷ் ஸ்டாண்டர்ட் டைம் என்று பெயர். அதன் சுருக்கமும் அதே மூன்று எழுத்துதான். அவர் அதைத் தன் ஊர் நேரமாகவே எடுத்துக்கொண்டு மாலை 4 மணிக்குக் கூப்பிட்டார். இங்கே அப்போது இரவு 8.30. நான் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தேன், போன் பையில் கிடந்தது. இன்னொரு முறையும் அப்படியே நடந்தது. மூன்றாவது முறை அவர் கூப்பிடவே இல்லை. அன்றிலிருந்து மெயிலில் நம் ஊர் நேரத்தை நான் எழுதுவதே கிடையாது. ‘யு.கே டைம்’ என்று அவர் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள், சுருக்கெழுத்தே வேண்டாம்.

இங்கிலாந்துக் கணக்கு இதுதான். இந்தியாவில் வருடம் முழுக்க ஒரே நேரம். அங்கே மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று திரும்பப் பின்னே வைப்பார்கள். அதனால் கோடையில் நாம் அவர்களைவிட நாலரை மணி நேரம் முந்தி இருப்போம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். அவர்களுக்குக் காலை 9 என்றால் நமக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30.

சரி, இதை வைத்து என்ன எழுதுவது? பலரும் இந்த இடத்தில் ‘24 மணி நேரமும் கிடைப்பேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு அது நம்பும்படி இருக்காது. தனி ஆள் ஒருவர் அப்படி இருக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் மணி நேரத்தைத் தெரிந்துகொள்ள அவர் கேட்கவில்லை. படங்களை எப்போது அனுப்பினால் எப்போது திரும்பி வரும், ஒரு கேள்வி கேட்டால் எப்போது பதில் கிடைக்கும், இந்த இரண்டும்தான் அவருக்கு வேண்டும். அதனால் அந்த இரண்டை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் வேலைக்கு நேர வித்தியாசம் உண்மையிலேயே ஒரு வரம். அவர் மாலை 6 மணிக்குப் படங்களை அனுப்பிவிட்டுக் கடையை மூடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அப்போது இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகியிருக்கும். நீங்கள் தூங்கி எழுந்து, காலை 7.30-க்கு உட்கார்ந்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம். அவர் காலையில் கடையைத் திறக்கும்போது படங்கள் தயாராக இருக்கும். இரவு கண்விழிக்கவே வேண்டாம். ‘மாலை 6-க்குள் அனுப்பினால் மறுநாள் காலை 9-க்குள் கைக்கு வரும்’ என்ற ஒரே வாக்கியம், பத்து வரி சுயஅறிமுகத்தைவிட அவருக்குப் பயன்படும்.

ஆனால் எத்தனை படம் என்ற எல்லையை அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். கோஸ்ட் மேனிக்வின் படம் ஒன்றுக்கு, அதாவது பொம்மையில் மாட்டி எடுத்த உடையிலிருந்து பொம்மையை நீக்கி, கழுத்தின் உட்பக்கத்தைத் தனிப் படத்திலிருந்து எடுத்து ஒட்டுவதற்கு, சரிபார்ப்பது உட்பட உங்களுக்கு 12 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 படம் என்றால் 300 நிமிடம், ஐந்து மணி நேரம். காலை 7.30-க்குத் தொடங்கினால் 12.30-க்கு முடியும். கோடையில் கெடு 1.30 மணி. நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் கரண்ட் போவதற்கும், பெரிய ஃபைல்கள் ஏறுவதற்கும் வேண்டியிருக்கும். 40 என்று எழுதினால் எட்டு மணி நேரம் ஆகும், முதல் வாரமே சொன்ன சொல் தவறிவிடும். கெடுவைக் கோடைக் கணக்கில்தான் போட வேண்டும். குளிர்காலத்தில் 2.30 வரை நேரம் கிடைத்துப் பழகிவிட்டால், மார்ச் கடைசியில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். அந்தத் திங்கட்கிழமைதான் தாமதம் நடக்கும். காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள்.

கேள்விக்குப் பதில் சொல்லும் நேரத்துக்கு அவருடைய காலை 9 முதல் 12 வரை என்று கொடுங்கள். கோடையில் நமக்கு அது 1.30 முதல் 4.30 வரை, குளிர்காலத்தில் 2.30 முதல் 5.30 வரை. வேலை முடித்துச் சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம். மூன்று மணி நேரம் போதாதோ என்று பயப்படாதீர்கள். சொன்ன மூன்று மணி நேரம் தவறாமல் இருந்தாலே நம்பிக்கை வந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினால் திங்கட்கிழமை காலைதான் வரும் என்பது அவருக்குப் புரிய, ‘அடுத்த வேலை நாள்’ என்று எழுதினால் போதும். பொங்கல், தீபாவளி விடுமுறையை முதல் மெயிலில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வாரம் முன்னதாகத் தேதி போட்டுத் தெரிவித்துவிட வேண்டும். பொங்கல் எப்போது வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது ரேட். ‘மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள்’ என்று தேடி, அதைவிடக் கொஞ்சம் குறைத்து எழுதுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் மாதக் கடைசியில்தான் கைக்கு வந்தது எவ்வளவு என்று தெரியும். உங்கள் பக்கத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். ஒரு எடுத்துக்காட்டு போடுகிறேன், எண்களை உங்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும் என்று வைப்போம். எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் காசு வரும் வேலை ஐந்து மணி நேரம்தான். மிச்சம் மெயில், பில், ஃபைல் இறக்குவது, பேசுவது என்று போய்விடும். ஆக, காசு வரும் ஒரு மணி நேரத்துக்கு 600 ரூபாய். 12 நிமிடப் படத்துக்கு 120 ரூபாய் ஆகிறது. பணம் வரும் வழியில் கட்டணமும் நாணய மாற்றில் போவதும் சேர்ந்து, அவர் அனுப்பும் தொகையில் நூற்றுக்கு ஏழு போய்விடும் என்று ஒதுக்கினால் 129. சில படங்கள் திருத்தத்துக்குத் திரும்பி வரும், அதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 142. ஒரு பவுண்டை 110 ரூபாய் என்று கொஞ்சம் தாழ்வாகவே எடுத்துக்கொண்டால் 1.29 பவுண்டு. 1.30 என்று எழுதுங்கள். வெறும் பின்னணியை வெள்ளையாக்கும் படம் நான்கு நிமிட வேலை என்றால், இதே வழியில் 40 ரூபாய் 47 ஆகி, 0.43 பவுண்டு வரும். 0.45 என்று வையுங்கள்.

மணிக்கணக்கு ரேட் கொடுக்காமல் படத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்றால் நீங்கள் ஒரு மணியில் எத்தனை படம் முடிப்பீர்கள் என்று அவருக்குத் தெரியாது. படத்துக்கு 1.30 என்றால் நூறு உடைக்கு 130 பவுண்டு என்று அவரே ஒரு நொடியில் பார்த்துக்கொள்வார். நீங்கள் வேகம் பழகப் பழக அந்த லாபமும் உங்களுக்கே வரும்.

ரேட்டுக்குப் பக்கத்தில் மூன்று வார்த்தைகள் வரக் கூடாது. ‘ஸ்டார்ட்டிங் ஃப்ரம்’ என்றால் உண்மையான விலை என்ன என்று அவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். ‘நெகோஷியபிள்’ என்றால் எழுதிய விலையை நீங்களே நம்பவில்லை என்று ஆகிவிடும். மூன்றாவது ‘ஒன்லி’. நாம் செக்கில் ‘ரூபாய் ஐயாயிரம் மட்டும்’ என்று எழுதிப் பழகியவர்கள், அதே கையோடு மெயிலிலும் தொகைக்குப் பின்னால் ‘ஒன்லி’ போட்டுவிடுகிறோம். அவர் காதில் அது ‘வெறும் இவ்வளவுதான்’ என்று, மலிவைக் கூவி விற்பது போல விழும்.

சேவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு லோகோ, பேனர், வீடியோ எல்லாம் தெரிந்திருக்கலாம். இந்த மெயிலில் துணிப்படத்துக்கு வேண்டிய இரண்டை மட்டும் எழுதுங்கள். அவர் கடையின் பக்கத்தை ஒருமுறை திறந்து, எந்த வகைப் படம் போடுகிறார் என்று பார்த்துவிட்டு அந்த வகையை முதலில் வையுங்கள். மாதிரிப் படம் மூன்று போதும், முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில். பழைய வாடிக்கையாளரின் படமாக இருந்தால் அவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

இப்போது ஆங்கிலம். ‘ரெஸ்பெக்டட் மேடம்’ வேண்டாம். பெரியவரைப் பேர் சொல்லி எழுத நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் தன் மெயிலின் கீழே எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுகிறாரோ அந்தப் பெயரால் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. ‘மைசெல்ஃப் இன்னார்’ என்று தொடங்க வேண்டாம், பெயர் கடைசியில் வரத்தானே போகிறது. ‘ஐ ஆம் ஹேவிங் சிக்ஸ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுத வருவது ‘அனுபவம் இருக்கிறது’ என்ற நம் வாக்கியத்தின் பழக்கம். ஆங்கிலத்தில் அங்கே ‘ஹேவ்’ மட்டும்தான்.

தவறான அர்த்தத்தில் போய்ச் சேரும் சொற்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் புரியாததற்கும் வரும், நம்பாததற்கும் வரும். ஆங்கிலத்தில் ‘டவுட்’ என்பது நம்பாததற்குத்தான். ‘உங்கள் குறிப்பில் ஒரு டவுட்’ என்று எழுதினால் அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று படிப்பார். ‘கொஸ்டின்’ என்று எழுதுங்கள். ‘ரிவர்ட்’ என்பது நம் அலுவலகங்களில் பதில் போடுவது. அங்கே அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று பொருள், அதுவும் போட்டோ வேலையில் ‘ஐ வில் ரிவர்ட்’ என்றால் செய்த மாற்றத்தை எல்லாம் எடுத்துவிடப் போகிறீர்கள் என்றே நினைப்பார். அப்புறம் ‘ஓகே’. நாம் ‘சரி, காதில் விழுந்தது’ என்ற அளவில் சொல்வோம். அவர் அதை ‘சம்மதம், செய்துவிடுகிறேன்’ என்று எடுத்துக்கொள்வார். முடியாத கெடுவுக்கு ஓகே போடாமல், முடியும் நாளைச் சொல்லுங்கள்.

இத்தனையும் சேர்த்து எழுதினால் மெயில் இவ்வளவுதான்:

```
Subject: Clothing photo retouching - prices and hours

Hi <first name>,

Thank you for asking about my work. I retouch clothing
photos for online shops and have done this for six years.
Three before-and-after samples: <link>

Prices per image:
Ghost mannequin, inside neck joined: £1.30
White background: £0.45
Minimum order £15. One round of changes is included
if you tell me within 7 days.

Send up to 25 images by 6 pm UK time and you will have
them by 9 am the next working day. I answer messages
from 9 am to 12 noon UK time, Monday to Friday.

I invoice once a month, payable within 14 days by bank
transfer.

If you send me three photos this week, I will do them
free so you can check the quality.

Best wishes,
Selvarani
```

குறைந்தபட்சம் 15 பவுண்டு என்று வைத்ததற்குக் காரணம், இரண்டு படத்துக்காக ஃபைல் இறக்கி, பில் எழுதும் நேரம் படத்தின் விலையைத் தின்றுவிடும். திருத்தம் ஒரு சுற்று, ஏழு நாள் என்ற எல்லை இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து, விற்று முடிந்த உடைக்கு நிறம் மாற்றச் சொல்லி வரும், எனக்கு வந்திருக்கிறது. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்’ என்று முடித்தால் அவர் என்ன பதில் எழுதுவது என்று யோசிக்க வேண்டும். மூன்று படம் அனுப்புவதற்கு யோசனையே தேவையில்லை. மூன்றுக்கு மேல் இலவசமாகச் செய்யாதீர்கள், மூன்று படம் உங்களுக்கு 36 நிமிட வேலை.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஆட்களுக்கே உள்ள சிக்கல் இது. பாஸ்புக்கில் ‘M SELVARANI’ என்று இருக்கும். கையெழுத்தில் அப்படியே போட்டால் அங்கே இருப்பவர் எம் என்பதை உங்கள் சொந்தப் பெயரின் முதலெழுத்தாகவும் செல்வராணியைக் குடும்பப் பெயராகவும் எடுத்துக்கொள்வார். எனக்கு வெறும் இனிஷியலைச் சொல்லி வணக்கம் வைத்த மெயில்கள் வந்திருக்கின்றன. மெயிலில் கூப்பிடவேண்டிய பெயரை மட்டும் போடுங்கள். பில்லில் மட்டும் வங்கிக் கணக்கில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் பணம் நடுவழியில் நின்று, வங்கியிலிருந்து விளக்கம் கேட்பார்கள்.

பணம் வரும் வழியை முதல் மெயிலில் விளக்க வேண்டாம், முதல் பில்லில் எழுதலாம். வெளிநாட்டிலிருந்து வங்கிக்கு நேராக அனுப்ப ஐ.எஃப்.எஸ்.சி எண் மட்டும் போதாது, ஸ்விஃப்ட் கோடும் வேண்டும். எல்லாக் கிளைக்கும் அது தனியாக இருக்காது, உங்கள் கிளையில் கேட்டு வாங்குங்கள். அனுப்பும்போது கட்டணத்தை யார் ஏற்பது என்று அவருடைய வங்கி கேட்கும். `OUR` என்றால் அனுப்புகிறவர், `SHA` என்றால் இருவரும் பகிர்வது, `BEN` என்றால் முழுதும் உங்கள் தலையில். `SHA`-வில் நடுவில் இருக்கும் வங்கியும் எடுத்துக்கொண்டு மிச்சம்தான் வரும், அதனால்தான் மாதம் ஒருமுறை பில் போடச் சொன்னேன். பணம் வந்ததும் எதற்காக வந்தது என்று நம் வங்கி பர்ப்பஸ் கோடு கேட்கும். உள்ளே வந்ததற்கான அட்வைஸ் சீட்டை ஒவ்வொரு மாதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வரிக் கணக்குக்கு அது வேண்டும். ஜி.எஸ்.டி பற்றி அவரிடம் பேசவே வேண்டாம். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் வரை சேவை செய்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதைத் தாண்டினாலும் வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை, உரிய நிபந்தனைகளோடு, பூஜ்ய வரியில்தான் வரும். அந்தக் கட்டத்தில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

‘ஒரு பவுண்டுக்குச் செய்வீர்களா’ என்று அவர் திரும்பக் கேட்கக்கூடும். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். திருத்தத்துக்கு ஒதுக்கியதை விட்டுக்கொடுத்தாலும் 129 ரூபாய், அதாவது 1.17 பவுண்டு வேண்டும். அதனால் ஒரு பவுண்டுக்கு முடியாது என்பதை விலை பேசாமலேயே சொல்லலாம்: மாதம் நூறு படத்துக்கு மேல் வந்தால் 1.20, அதற்குக் கீழே 1.30. அவர் அளவைக் கூட்டினால்தான் நீங்கள் விலையைக் குறைக்கிறீர்கள். எந்தக் காரணமும் இல்லாமல் ஒருமுறை இறக்கினால் அடுத்த முறையும் கேட்பார், அதில் தப்பும் இல்லை.

பதிலே வராவிட்டால் ஐந்து வேலை நாள் பொறுத்து, அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு வரி போடுங்கள்: மூன்று மாதிரிப் படம் இன்னும் செய்து தரத் தயார் என்று. அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். பதில் வந்து, அதில் படங்கள் இருந்தால் மெயில் தன் வேலையைச் செய்துவிட்டது. படத்துக்குப் பதில் ஒரு கேள்வி வந்தால், எந்த ஃபார்மட்டில் தருவீர்கள், ஃபைலை எப்படி அனுப்புவது என்பது போல, அதற்கான பதிலை ஒரு வாக்கியமாக மெயிலின் நகலில் சேர்த்துவையுங்கள். அடுத்தவருக்கு அனுப்பும்போது அந்தக் கேள்வி வராது.